பதினொன்றாவது பார்சல்

தெல்தோட்டை பஸார்ப் பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவரிடம் வாடிக்கையாளருக்கான பரிசுத் திட்டம் என்று பேச்சை எடுத்தால், அது கண்டியிலுள்ள பெரிய சுப்பர் மார்க்கெட்டுகளின் வேலை என்று சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பில் பாதிதான் நியாயம். காசு மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற கணக்குக் கொப்பிதான் இந்த ஊரின் பழைய பரிசுத் திட்டம். இன்னார் தினமும் வருகிறவர், சம்பளம் வந்ததும் கொடுத்துவிடுவார், அதனால் இன்றைய சாப்பாட்டை இன்றே காசு வாங்காமல் கொடுக்கலாம் என்ற நம்பிக்கையே அங்கே பரிசு. அதற்குச் செலவும் உண்டு. அதை யாரும் எழுதிக் கூட்டிப் பார்ப்பதில்லை.

கடனுக்கு இன்னொரு முகமும் இந்த மலைக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளரைக் கடனால் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வேறு கடைக்குப் போனால் பாக்கியைக் கேட்டுவிடுவார்களே என்ற பயத்தில் ஒருவர் அதே கடைக்கு வருவாரானால், அவரை வாடிக்கையாளர் என்று எண்ணிக் கணக்குப் போடக்கூடாது. பாக்கி தீர்ந்த மறுநாள் அவர் போய்விடுவார். கொப்பியை வைத்தே வாடிக்கையை மதிப்பிடுகிற முதலாளிகள் ஏமாறுவது இங்கேதான்.

இப்போது இளைய தலைமுறை கடையை ஏற்றதும் முதலில் செய்ய நினைப்பது, சிறிய அட்டை அடித்து 10 பார்சல் வாங்கினால் 11ஆவது இலவசம் என்று போடுவது. கொழும்பில் கோப்பிக் கடையிலும் சலூனிலும் பார்த்திருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கீழே வருகிற விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கடையின் எண்களை அந்த இடங்களில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கோழிச் சோற்றுப் பார்சல் 400 ரூபாய். அரிசி, கோழி, பருப்பு, மரக்கறி, தேங்காய், எண்ணெய் எல்லாம் 220 ரூபாய். கேஸுக்கும் சுற்றுகிற தாளுக்கும் 20. ஆக 240 போனால் கையில் 160. இந்த 160இலிருந்துதான் கடை வாடகை, கரண்ட், சமையற்காரர் சம்பளம், மேசை துடைக்கிற பையனின் சம்பளம் எல்லாம் போகவேண்டும். அவற்றைப் பார்சலுக்கு 110 என்று பங்கிட்டால், முதலாளிக்கு மிஞ்சுவது 50 ரூபாய்.

தினமும் மதியம் வருகிற ஒரு வங்கி ஊழியர் 11 நாளில் 11 பார்சல் வாங்கினால் முதலாளிக்கு 550 ரூபாய் இலாபம். அதே ஆளிடம் இலவச அட்டையைக் கொடுத்தால், 10 பார்சலுக்குக் காசு தருகிறார், 11ஆவதை இலவசமாக எடுத்துப் போகிறார். கடைக்கு வந்திருக்கவேண்டிய 400 ரூபாய் வரவில்லை. 550 ரூபாய் இலாபம் 150 ஆகிவிட்டது. பெரும்பாலான முதலாளிகள் இலவசப் பார்சலின் செலவை 240 என்று நினைக்கிறார்கள். அந்த 11ஆவது பார்சலையும் அவர் எப்படியும் காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்பதால் உண்மையான செலவு 400. அன்று அவர் சாப்பிடவே வந்திருக்கமாட்டார் என்றால் மட்டுமே செலவு 240. தினம் வருகிறவர் விஷயத்தில் அப்படி நினைக்க இடமில்லை.

அந்த 400ஐ மீட்க எத்தனை பார்சல் கூடுதலாக விற்கவேண்டும்? ஒன்றில் 160 மிஞ்சுகிறது என்றால் இரண்டரை. ஒவ்வோர் அட்டைக்கும் இரண்டரைப் பார்சலை அவர் புதிதாக வாங்கவேண்டும். ஆனால் தினமும் மதியச் சாப்பாடு உங்களிடமே எடுக்கிற மனிதர் ஒரு நாளைக்கு இரண்டு முறை மதியச் சாப்பாடு சாப்பிடமாட்டார். அதாவது இந்த அட்டை யாருக்கு அதிகம் பிடிக்குமோ, யார் அதை வேகமாக நிரப்புவாரோ, அவரிடமிருந்துதான் கடைக்கு எந்தக் கூடுதல் வரவும் கிடைக்காது. வாரத்துக்கு இரண்டு நாள் உங்களிடமும் மூன்று நாள் எதிர்க்கடையிலும் சாப்பிடுகிறவரை இழுக்க அட்டை உதவலாம். அவர் நான்கு பார்சல் இந்தப் பக்கம் மாறினால் 640 மிஞ்சும், பரிசு போக இலாபம்தான். ஆனால் அட்டையை எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுத்துவிட்டு இவரை மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

சரி, தினம் வருகிற வாடிக்கையால் கடைக்கு என்னதான் நன்மை? வருவார் என்று முன்கூட்டியே தெரிவது. அந்த நிச்சயத்தைக் கடைகள் காசாக மாற்றுவதில்லை. பரிசுத் திட்டத்தை இங்கிருந்துதான் கட்டவேண்டும் என்பது என் கருத்து.

மிஞ்சிய சோறு

காலை 9 மணிக்குச் சமையற்காரர் கேட்பது ஒரே கேள்வி: இன்றைக்கு எத்தனை கிலோ அரிசி போடுவது? முதலாளி நேற்றைய விற்பனை, இன்று என்ன கிழமை, மழை வருமா, பள்ளிக்கூடம் உண்டா என்று யோசித்து ஓர் எண்ணைச் சொல்கிறார். 100 பார்சலுக்குச் சமைத்து 94 விற்றால் ஆறு மிச்சம். இரவில் கொத்துப் போடுகிற கடையானால் கோழிக் கறி கொஞ்சம் அதில் போகும். சோறும் பருப்பும் போகாது. ஆறும் முழுதாக வீணானால் ஒரு நாளைக்கு 1,440 ரூபாய். இன்னொரு நாள் பன்னிரண்டரைக்கே கோழி தீர்ந்துபோய், ஒரு மணிக்கு வந்த பழைய வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவார். அதன் நட்டம் எந்தக் கொப்பியிலும் ஏறாது.

இங்கே முத்திரைக்கு ஒரு வேலை இருக்கிறது. பார்சல் வாங்கியதற்கு முத்திரை குத்தாதீர்கள். காலை 9 மணிக்கு முன் சொல்லிவைத்ததற்குக் குத்துங்கள். தொலைபேசியில் சொல்லலாம், வட்ஸ்அப்பில் ஒரு வரி போடலாம், காலையில் பிளேன்டீ குடிக்க வரும்போது "நானா, பகலுக்கு ரெண்டு எடுத்து வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொன்னவருடைய பார்சல் பெயர் எழுதித் தனியாக இருக்கும். ஒன்றரை மணிவரை யாருக்கும் விற்கப்படாது. அவர் வரிசையில் நிற்கவேண்டியதில்லை.

இதில் வாடிக்கையாளருக்குக் கிடைக்கிற முதற்பரிசு அட்டையில் இல்லை. சாப்பாடு உண்டா இல்லையா என்ற சந்தேகம் தீர்கிறது, அவ்வளவுதான். மதிய இடைவேளையில் ஓடி வருகிற ஆசிரியருக்கும் வரிசையில் நிற்க நேரமில்லாத பஸ் நடத்துனருக்கும் இது ஐம்பது ரூபாய்க் கழிவைவிடப் பெரிது. கடைக்கோ இதற்குச் செலவே இல்லை. 100இல் 40 பேர் காலையிலேயே சொல்லிவிட்டால் ஊகிக்கவேண்டியது மீதி 60ஐ மட்டும். மிச்சம் ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்தாலே நாளுக்கு 720 ரூபாய், 25 வேலை நாளுக்கு 18,000. பரிசுக்கு வேண்டிய பணம் இதற்குள்ளிருந்தே வருகிறது. ஒரு பார்சலில் மிஞ்சும் 50 ரூபாயில் கை வைக்கவேண்டியதில்லை.

சொல்லிவிட்டு வராதவர் இருப்பார். முதல் தடவை முத்திரை இல்லை, அவ்வளவுதான். ஒன்றரைக்குப் பிறகு அந்தப் பார்சல் பொது விற்பனைக்கு வரும். இரண்டு மூன்று தடவை நடந்தால் அவருக்கு எடுத்துவைப்பதை நிறுத்திவிடலாம். அதை முகத்துக்கு நேரே சொல்லச் சங்கடம் என்றால் முதலிலேயே அட்டையின் பின்பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துவிடுவது நல்லது.

முத்திரை பெறத் தகுந்த இரண்டாவது காரியம், கொப்பிக் கணக்கைத் தவணைக்குள் தீர்ப்பது. தோட்டத்தில் சம்பளம் மாதத்தின் 10ஆம் திகதி வாக்கில் வருகிறது. 15ஆம் திகதிக்குள் முழுப் பாக்கியையும் கட்டியவருக்கு இரண்டு முத்திரை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 பார்சல் கடனில் எடுப்பவரின் பாக்கி 8,000 ரூபாய். அவர் கொடுக்காமலே போய்விட்டால் சாமானுக்குப் போட்ட 4,800 போகிறது. அதை மீட்க வேறு யாருக்காவது 30 பார்சல் விற்கவேண்டும். ஒரு முழு மாதம் சாப்பிட்டுச் சரியாகக் காசு கொடுக்கிற ஒன்றரை மனிதர்களின் பங்கு அது. கடனில் எடுக்கும்போதே முத்திரை குத்திவிட்டால், கடன் ஏற ஏறப் பரிசும் ஏறுகிற வேடிக்கை நடக்கும். முத்திரை பணம் கைக்கு வந்த பிறகுதான்.

தமிழ்நாட்டு மெஸ்களில் இதற்கு நேர்எதிரான பழக்கம் ஒன்று உண்டு. மாத ஆரம்பத்திலேயே பணத்தைக் கட்டி டோக்கன் வாங்கிக்கொண்டு, வேளைக்கு ஒன்றாகக் கிழித்துக் கொடுப்பார்கள். அரிசிக்கடைக்காரருக்கு உடனடிப் பணம் கொடுக்க அந்தக் காசு உதவும். தெல்தோட்டையில் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து போர்டிங்கில் தங்கியிருக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். நாட்கூலியில் வாழ்கிற குடும்பத்திடம் முன்பணம் கேட்பது நடக்காது, கேட்கவும் கூடாது.

எட்டா, பத்தா?

அட்டையில் எத்தனை கட்டம் போடுவது என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். இதை இரண்டு ஆய்வுகள் நன்றாகத் தோண்டியிருக்கின்றன. இரண்டும் 2006இல் வெளியானவை. அமெரிக்காவில் ஜோசப் நூன்ஸும் சாவியர் டிரேஸும் கார் கழுவும் நிலையமொன்றில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் ஏற்கனவே முத்திரை. இரண்டு பேருமே எட்டுத் தடவை வரவேண்டும். முதல் கூட்டத்தில் 19 வீதத்தினர் அட்டையை முடித்தார்கள், இரண்டாவது கூட்டத்தில் 34 வீதத்தினர். காலியாக ஆரம்பிப்பதைவிட, தொடங்கிவிட்டோம் என்ற உணர்ச்சி ஆளை இழுக்கிறது. கடைக்கு இதனால் ஒரு சதம் கூடச் செலவில்லை.

ரான் கிவெட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக் கோப்பிக் கடையில் பத்துக் கோப்பிக்கு ஒன்று இலவசம் என்ற அட்டையைப் பார்த்தார்கள். பரிசு கிட்ட வரவர மக்கள் அடுத்தடுத்து வேகமாக வருகிறார்கள். பரிசு வாங்கி முடித்துப் புது அட்டை எடுத்ததும் பழையபடி மெதுவாகிறார்கள். சின்னக் கடை இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது, பரிசை எட்டாக்கையில் வைக்காமல் ஒரு மாதத்துக்குள் கிடைக்கும்படி வைப்பது. 20 கட்டம் போட்ட அட்டை ஆறாவது முத்திரையில் சட்டைப்பையோடு துவைக்கப்பட்டுவிடும்.

எனவே பத்துக் கட்டம், இரண்டு முன்னமே குத்தியது, எட்டு நிரப்பவேண்டியது. பரிசு என்ன?

கடையில் விலைக்கும் செலவுக்கும் இடையில் இடைவெளி அதிகமாக உள்ள பொருளைத் தேடவேண்டும். பால் தேத்தண்ணி அல்ல. பால்மா விலை ஏறிய பிறகு அதில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பிளேன்டீ 50 ரூபாய்க்கு விற்றால் தூளும் சீனியும் கேஸும் 10 ரூபாய். உளுந்து வடை 60க்கு விற்றால் செலவு 22. இரண்டும் சேர்த்து வாடிக்கையாளர் கண்ணில் 110 ரூபாய்ப் பரிசு, கடைக்கு 32. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர இந்த மலைக்கு மேலேதான் இருக்கிறது. இந்த ஊரில் ஒருவருக்கு மலிவாகவும் மரியாதையாகவும் கொடுக்கக்கூடியது தேத்தண்ணிதான்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். மதிய நெரிசலில் கூடாது. மூன்று மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில், மேசைகள் காலியாகவும் பையன் சும்மாவும் இருக்கிற நேரத்தில் கொடுக்கவேண்டும். மதியம் மட்டும் வருகிறவரை மாலையில் ஒரு தடவை உள்ளே உட்காரவைப்பதுதான் பரிசின் நோக்கம். எட்டுப் பார்சலில் முதலாளியின் இலாபம் 400. பரிசு போக 368. அவர் தனியாக வரமாட்டார், பெரும்பாலும் ஒரு கூட்டாளியோடு வருவார். கூட்டாளி காசு கொடுத்து ஒரு தேத்தண்ணியும் வடையும் எடுத்தால் கடைக்கு 78 ரூபாய் மிஞ்சும். பரிசு வாங்க வருகிற இரண்டு பேரில் ஒருவராவது துணையோடு வந்தால் பரிசுச் செலவு ஈடாகிவிடும்.

மாலையிலும் ஏற்கனவே உங்களிடமே தேத்தண்ணி குடிக்கிறவர் இருந்தால்? அவருக்குப் பரிசு கொடுத்தால் 110 ரூபாய் விற்பனை போகிறது, 400 இலாபம் 290 ஆகும். இலவசப் பார்சல் அளவுக்கு அடி இல்லை. அவர் கடையின் தூண் மாதிரியான ஆள், கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆனால் இந்தப் பரிசு யாருக்குப் பொருந்தாது என்பதையும் பார்க்கவேண்டும். தோட்டத்திலிருந்து இறங்கி வருகிற பெண்கள் கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பது அரிது. சாமான் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பார்சல் கட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பார்கள். கோப்பையில் ஊற்றிய பரிசை அவர்கள் எப்படிக் கொண்டுபோவது? அவர்களுக்கு இரண்டு வடையைத் தாளில் சுற்றிக் கொடுங்கள். செலவு 44, பையில் போகும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாத கடையின் அட்டை ஆண்களுக்கு மட்டுமான அட்டையாகிவிடும். மாதச் சம்பளத்தன்று நான்கைந்து பார்சலாக வாங்குகிறவர்கள் அந்தப் பெண்கள்தான்.

அட்டை யாரிடம் இருப்பது

சப்வே நிறுவனம் அமெரிக்காவில் நடத்திய முத்திரைத் திட்டத்தை 2005இல் கைவிட்டது. போலி முத்திரைகள் இணையத்தில் விற்பனைக்கு வந்ததுதான் காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. கண்டியில் எந்த ரப்பர் முத்திரையையும் ஒரு நாளில் செய்து வாங்கிக்கொள்ளலாம். அதைவிட நெருங்கிய ஆபத்து, காசு மேசையில் இருக்கிற பையன் தன் கூட்டாளிகளுக்கு இரண்டு இரண்டாகக் குத்திக்கொடுப்பது.

அட்டைகளைக் கடையிலேயே வைத்துவிட்டால் இரண்டும் தீரும். பெயர் வரிசையில் ஒரு பெட்டி. கொப்பிக் கணக்கைப் பழகிய ஊருக்கு இது புதிதல்ல. முத்திரைக்குப் பதில் பேனாவால் கட்டத்துக்குள் திகதியை எழுதிக் கையெழுத்துக் குறி வைக்கலாம். காலையில் சொல்லிவைத்தவர்களின் பட்டியல் தனியாக ஒரு கொப்பியில் இருக்குமல்லவா, அதையும் அட்டையையும் வாரத்துக்கு ஒரு தடவை ஒப்பிட்டால் கள்ளக் கணக்கு தெரிந்துவிடும்.

முடிவுத் திகதி கட்டாயம் வேண்டும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ லிட்ரோ கேஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அதற்கு முன் 2,675. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓர் ஆண்டில் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. அந்த நேரத்தில் பத்துக்கு ஒரு பார்சல் என்று வாக்குக் கொடுத்து, முடிவுத் திகதி போடாமல் வைத்திருந்த ஒரு கடையை நினைத்துப் பாருங்கள். 150 அட்டைகள் பாதி நிரம்பிக் கிடந்தால், எல்லாவற்றையும் சேர்த்து 75 பார்சல் கடன். இன்றைய நம் உதாரண விலையில் 30,000 ரூபாய். தேத்தண்ணி வடைத் திட்டத்தில் 150 அரை அட்டையின் கடன் 2,400 ரூபாய் மட்டும். விலை இரட்டித்தாலும் தாங்கலாம். அட்டைக்கு இரண்டு மாத ஆயுள் போதும். அது மாதக் கடைசியில் முடியக்கூடாது. 20ஆம் திகதி போல வைத்தால் சம்பளம் வாங்கியவர்களுக்குக் கடைசி இரண்டு முத்திரையைப் பிடிக்க நாள் கிடைக்கும்.

திட்டம் பலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? விற்பனை கூடியதா என்று மட்டும் பார்த்தால் தீபாவளி மாதத்தில் எல்லாத் திட்டமும் பலித்தது போலத்தான் தெரியும். கட்டத்துக்குள் எழுதிய திகதிகளைப் பாருங்கள். முதல் மூன்று முத்திரைகளுக்கு இடையில் எத்தனை நாள், கடைசி மூன்றுக்கு இடையில் எத்தனை நாள்? இடைவெளி குறைந்தால் அட்டை ஆளை இழுக்கிறது. குறையவில்லை என்றால் அவர் வழக்கம்போல வருகிறார், பரிசைச் சும்மா வாங்கிக்கொள்கிறார். தினமும் வருகிறவரின் இடைவெளி எப்படியும் குறையாது, அவரிடம் பார்க்கவேண்டியது 9 மணிக்கு முன் சொல்கிறாரா என்பதைத்தான். கூடவே, அட்டை தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் மிஞ்சிய பார்சலை எண்ணி எழுதிவைத்திருக்கவேண்டும். அந்த எண் இல்லாமல் ஆரம்பித்தவருக்குப் பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது.

இரண்டு அட்டைக் காலம், அதாவது நான்கு மாதம் ஓடவிட்டும் மிச்சம் குறையவில்லை, மாலை மேசைகளும் காலியாகவே இருக்கின்றன என்றால் நிறுத்திவிடலாம். நிறுத்தும்போது பெட்டியிலுள்ள ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, நான்கு முத்திரைக்கு ஒரு வடை என்று கணக்குத் தீர்த்துக் கொடுக்கவேண்டும். காலையில் சொன்னவருக்குப் பார்சல் எடுத்துவைப்பதை மட்டும் தொடரலாம்.